கடைசியாக உடைக்க வேண்டிய சாவி

ஒரு ட்விட்ச் கணக்கை நீக்குவது ஒரு நிமிட வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவை ஆறு வார வேலை.

2020 ஜூன் மாதம். ட்விட்ச் தளத்தில் விளையாட்டுகளை நேரலையாகக் காட்டி வந்த பலருக்கு அடுத்தடுத்து எச்சரிக்கை வந்தது. 2017 முதல் 2019 வரை அவர்கள் நேரலையில் இருந்தபோது பின்னணியில் ஏதோ ஒரு பாட்டு ஓடியிருக்கிறது. அந்தப் பாட்டின் உரிமையாளர்கள் இப்போது புகார் கொடுத்திருக்கிறார்கள். இப்படிப் புகார்கள் சேர்ந்துகொண்டே போனால் கணக்கே முடக்கப்படும்.

எச்சரிக்கை பெற்றவர்களை அதிகம் திகைக்க வைத்தது வேறொன்று. புகாருக்குள்ளான நேரலையின் முழுப் பதிவு எப்போதோ அழிந்துவிட்டது. எஞ்சியிருந்தவை கிளிப்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடும் துண்டுகள். அவற்றில் பெரும்பாலானவற்றை வெட்டியவர்கள் பார்வையாளர்கள். சேனலின் சொந்தக்காரருக்கு அப்படியொரு துண்டு இருப்பதே தெரியாது. பல ஆண்டுகள் ஸ்ட்ரீம் செய்தவர்களின் பெயரில் ஆயிரக்கணக்கான கிளிப்கள் குவிந்திருந்தன. ஒரே மூச்சில் அழிக்க வசதி இல்லாததால், ஒவ்வொன்றாகத் தேடி அழித்துக்கொண்டிருந்தார்கள். அழிக்கும் வசதிகள் போதாமல் இருந்ததை அந்த ஆண்டு நவம்பரில் ட்விட்சே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

நேரலை என்றால் வந்து போவது என்றுதான் நினைக்கிறோம். அது விட்டுச்செல்லும் தடங்களோ மூன்று இடங்களில் தங்குகின்றன: கிளிப்பில், சாட்டில், டொனேஷன் கணக்கில். இந்த மூன்றும் ஒரே வீட்டில் இல்லை. ஆனால் மூன்று வீட்டுக்கும் பெரும்பாலும் ஒரே சாவி, உங்கள் ட்விட்ச் கணக்கு. அவசரப்பட்டு முதலில் கணக்கை நீக்குகிறவர் சாவியை உடைத்துவிட்டுப் பூட்டிய வீட்டின் முன் நிற்கிறார். அதனால்தான் இங்கே வரிசை முக்கியம்.

மூடுவது வேறு, நீக்குவது வேறு

ட்விட்ச்சில் இரண்டு கதவுகள் உண்டு. அமைப்புகள் பக்கத்தின் அடியில் இருக்கும் Disable Account என்பது கடைக்கு ஷட்டர் இறக்குவது போன்றது. சேனல் கண்ணில் படாது, தரவு உள்ளேயே இருக்கும், திரும்பி வந்து திறந்துகொள்ளலாம். பலர் இதைச் செய்துவிட்டுக் கணக்கை நீக்கியதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையான நீக்கத்துக்குத் தனி முகவரி இருக்கிறது:

```
https://www.twitch.tv/user/delete-account
```

இங்கே உறுதி செய்த பிறகும் கணக்கு அந்த நொடியே அழிவதில்லை. 90 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குள் நீங்கள் மீண்டும் உள்ளே நுழைந்தால் கணக்கு உயிர்பெற்றுவிடும். மனம் மாறுபவருக்கு இது நல்ல ஏற்பாடு. உண்மையிலேயே விலக நினைப்பவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய கைப்பேசியிலோ, வீட்டு டிவியிலோ, தம்பியின் கணினியிலோ கடவுச்சொல் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். யாரோ ஒருவர் பழக்கத்தில் உள்ளே நுழைந்தால் எண்ணிய நாளெல்லாம் வீண். நீக்குவதற்கு முன் எல்லாக் கருவிகளிலும் வெளியேறி, சேமித்த கடவுச்சொல்லையும் எடுத்துவிடுவது இதற்காகத்தான்.

பெயரும் ஒரு விஷயம். விட்டுப்போன பயனர் பெயரை வேறொருவர் பிறகு எடுத்துக்கொள்ள முடியும். பெயரை மாற்றிக்கொண்டாலும் இதே கதைதான். பழைய பெயரைக் குறைந்தது 6 மாதம் நிறுத்தி வைத்துவிட்டுப் பொதுவில் விடுகிறார்கள். உங்கள் பழைய யூடியூப் விளக்கத்திலும் இன்ஸ்டாகிராம் அறிமுகத்திலும் அந்த முகவரி இருக்குமானால், அது நாளை முன்பின் தெரியாத ஒருவரின் சேனலுக்கு வழிகாட்டும். அந்த இணைப்புகளை முன்பே அகற்றிவிட வேண்டும்.

கிளிப்: யார் வெட்டியது, யார் அழிப்பது

நேரலையின் முழுப் பதிவுக்கு ட்விட்ச்சில் ஆயுள் குறைவு. சாதாரண ஸ்ட்ரீமருக்கு 7 நாள், அஃபிலியேட் ஆனவருக்கு 14 நாள், பார்ட்னருக்கு 60 நாள். அதன்பின் தானே மறையும். விரும்பிய பகுதியை ஹைலைட் என்று எடுத்துவைத்தால் அது நிற்கும். 2025 ஏப்ரலிலிருந்து ஹைலைட்டும் பதிவேற்றமும் சேர்ந்து 100 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள்.

கிளிப் இந்த இரண்டு கணக்கிலும் வராது. மூலப் பதிவு அழிந்தாலும் கிளிப் வாழும். அந்த 100 மணி நேர வரம்பும் அதற்குப் பொருந்தாது. நேரலை ஓடும்போதே பார்வையாளர் ஒருவர் பொத்தானை அழுத்தி, கடைசிச் சில நொடிகளை 60 நொடிக்கு மிகாமல் வெட்டித் தலைப்பும் வைத்துவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு கிளிப்புக்கும் இரண்டு பேர் உண்டு. யாருடைய சேனலில் நடந்ததோ அவர் ஒருவர். வெட்டியவர் இன்னொருவர். அழிக்கும் உரிமை இருவருக்கும் இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கிரியேட்டர் டாஷ்போர்டில் கிளிப் பகுதியைத் திறந்தால் இரண்டு பட்டியல்களும் விளங்கும். ஒன்று, உங்கள் சேனலிலிருந்து வெட்டப்பட்டவை. மற்றது, நீங்கள் பிறர் சேனலில் வெட்டியவை. 2020-க்குப் பிறகு மொத்தமாக அழிக்கும் வசதி வந்துவிட்டதால் முதல் பட்டியலைக் காலி செய்வது சிரமமில்லை. மறந்துபோவது இரண்டாவது பட்டியல்தான். கல்லூரிக் காலத்தில் யாரோ ஒருவரின் ஸ்ட்ரீமில் வெட்டி, நக்கலாக ஒரு தலைப்பு வைத்த கிளிப் அவருடைய சேனல் பக்கத்தில் உங்கள் பெயரோடு நின்றுகொண்டிருக்கும். கணக்கு போனால் அதுவும் போய்விடும் என்று அனுமானித்து விட்டுவிடாதீர்கள். அழிக்கும் அதிகாரம் கையில் இருக்கும்போதே அழித்து, அது போனதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ட்விட்ச்சுக்கு வெளியே போன கிளிப் வேறு கதை. ரெடிட்டில் லைவ்ஸ்ட்ரீம்ஃபெயில் போன்ற குழுக்களில் ஒரு கிளிப் பகிரப்பட்டதும், மூலம் அழிந்தாலும் பார்க்கக் கிடைக்கட்டும் என்று நகல் எடுத்து வைக்கும் வழக்கமே இருக்கிறது. யூடியூப்பில் தொகுப்பு வீடியோக்களும் வரும். இவற்றை எடுக்க வைக்க ஸ்ட்ரீமர் கையில் இருக்கும் கருவி பதிப்புரிமை. நேரலையில் உங்கள் முகமும் குரலும் நீங்கள் அமைத்த திரையும் சேர்ந்த பதிவு உங்கள் படைப்பு என்பதால், யூடியூப்பில் அகற்றல் கோரிக்கை கொடுக்கலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மூலப் பதிவு உங்களிடம் இருந்தால்தான் இது என்னுடையது என்று காட்டுவது எளிது. ஆகவே அழிப்பதற்கு முன் முக்கியமானவற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, கோரிக்கை கொடுப்பவரின் பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரியவரும். புனைபெயரில் மட்டுமே அறியப்பட்ட ஒருவர் அடையாளத்தை மறைக்கத்தான் விலகுகிறார் என்றால், கோரிக்கை கொடுக்கும் முன் இதை எடைபோட்டுக்கொள்ள வேண்டும்.

சாட்: ஊர் நடுவில் பேசியது

ட்விட்ச் சாட்டின் அடியில் ஓடுவது ஐ.ஆர்.சி. என்ற பழைய அரட்டை முறை. இணையத்தின் தொடக்க நாட்களிலிருந்து இருப்பது. அதில் சேர ட்விட்ச்சின் பக்கத்தைத் திறக்க வேண்டியதில்லை, கணக்கும் தேவையில்லை. `irc.chat.twitch.tv` என்ற முகவரிக்கு ஒரு நிரல் இணைந்து இரண்டே வரி அனுப்பினால் போதும்:

```
NICK justinfan4821
JOIN #channelname
```

justinfan என்று தொடங்கி எண்ணில் முடியும் பெயரோடு வருபவர் பேச முடியாது, கேட்கலாம். ட்விட்ச்சின் தாய்த் தளமான ஜஸ்டின் டி.வி.யின் நினைவாக ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்படி நுழையும் நிரல் ஓடும் ஒவ்வொரு வரியையும் தன் வட்டில் எழுதிக்கொள்ள முடியும். பெரிய சேனல்களின் சாட்டை இவ்வாறு நாள்கணக்கில் சேமித்து, பெயரைக் கொடுத்தால் அவர் பேசிய அத்தனையையும் காட்டும் சேவைகள் பல இருந்திருக்கின்றன. இன்றும் இருக்கின்றன.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்வது ‘அழித்தல்’ என்ற சொல்லை. மாடரேட்டர் ஒருவர் உங்கள் வரியை நீக்கும்போது, சர்வர் எல்லாருக்கும் CLEARMSG என்ற கட்டளையை அனுப்புகிறது. இந்தச் செய்தியை இனிக் காட்டாதீர்கள் என்ற அறிவிப்பு அது. ட்விட்ச்சின் பக்கம் அதற்குக் கட்டுப்பட்டு வரியை மறைக்கிறது. வெளியே எழுதிக்கொண்டிருக்கும் நிரல் கட்டுப்பட வேண்டும் என்று கட்டாயமில்லை. சந்தை நடுவில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதைப் போலத்தான். நல்லவர்கள் மறந்துவிடுவார்கள், எழுதிவைத்தவர் எழுதிவைத்தவர்தான்.

பெயரை மாற்றிக்கொண்டால் தப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு சாட் வரியோடும் user-id என்ற எண்ணையும் நிரல் கேட்டுப் பெறலாம். பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. பழைய பெயரில் பேசியதையும் புதிய பெயரில் பேசியதையும் ஒரு நூலில் கோக்க அந்த எண் போதும்.

என்ன செய்யலாம்? ட்விட்ச்சுக்குள் பார்வையாளர் கண்ணில் படுவதில் பெரும்பகுதி பதிவோடு சேர்ந்து மறைகிறது. மறு ஒளிபரப்பில் ஓடும் சாட்டுக்கு 7, 14, 60 நாள் ஆயுள்தான். ஹைலைட் ஆனவற்றில் மட்டும் நிற்கும். வெளியே இருக்கும் பதிவுச் சேவைகளில் பல, என்னைச் சேர்க்காதே என்று சொல்ல ஒரு வழி வைத்திருக்கின்றன. அந்த வழியின் அமைப்பைக் கவனியுங்கள். சேவையின் பக்கத்தில் ஒரு குறியீடு தருவார்கள். அதை உங்கள் கணக்கிலிருந்து சாட்டில் தட்டச்சு செய்ய வேண்டும். கேட்பவர் நீங்கள்தான் என்பதற்கு அதுவே சான்று. கணக்கை நீக்கிவிட்டால் தட்டச்சு செய்ய வாய் இல்லை. ‘நான்தான் அவர்’ என்று சொல்ல வேறு ஆதாரமும் கையில் இருக்காது.

ஸ்ட்ரீமராக இருந்தால் உங்கள் சாட் பாட் நிரலும் பேசியிருக்கும், எழுதியும் வைத்திருக்கும். நைட்பாட் போன்ற சாட் பாட்கள் சேனலின் சாட் பதிவைத் தம் டாஷ்போர்டில் காட்டுகின்றன. அது ட்விட்ச்சின் சொத்து அல்ல, அந்தச் சேவையின் கணக்கு. அங்கே நுழையவும் ட்விட்ச் கணக்கைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். அந்த நிரலைச் சேனலிலிருந்து விலக்கி, அந்தச் சேவையிலும் கணக்கை நீக்கிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

டொனேஷன்: பணம் நினைவில் வைத்திருக்கும்

ஸ்ட்ரீமருக்கு வரும் பணம் இரண்டு வாய்க்கால்களில் வருகிறது. சப்ஸ்கிரிப்ஷனும் பிட்ஸும் ட்விட்ச் வழியாக வருபவை. பிட் ஒன்றுக்கு ஒரு சென்ட் ஸ்ட்ரீமருக்கு. பெரும்பாலான கட்டண வழிகளில் 50 டாலர் சேர்ந்த பிறகே ட்விட்ச் பணத்தை அனுப்பும். அது கைக்கு வந்து சேரும் முன் கணக்கை நீக்குவது தன் கூலியைத் தானே விட்டுவிட்டுப் போவது.

இரண்டாவது வாய்க்கால், டிப் அல்லது டொனேஷன். ஸ்ட்ரீம்லேப்ஸ், ஸ்ட்ரீம்எலிமெண்ட்ஸ் போன்ற சேவைகள் ஒரு பக்கம் அமைத்துத் தரும். பார்வையாளர் அங்கே பேபால் வழியாகப் பணம் செலுத்தி ஒரு செய்தியும் எழுதுவார். அது திரையில் பளிச்சிடும். இதில் ட்விட்ச்சுக்குப் பங்கே இல்லை. பணம் நேராகப் பேபாலுக்குப் போகிறது, பெயரும் செய்தியும் தொகையும் டிப் சேவையில் பதிகின்றன. ட்விட்ச் கணக்கை நீக்கினால் இந்த இரண்டு இடத்திலும் ஒரு வரிகூட அழியாது. அந்த டொனேஷன் பக்கத்தைத் தனியாக மூடாவிட்டால், ஆள் போன பிறகும் அது திறந்தே கிடக்கும், பழைய இணைப்பைப் பிடித்து வருபவரிடம் பணம் கேட்டுக்கொண்டு.

இங்கே அழிப்பதைவிட முதலில் காப்பதுதான் முக்கியம். பேபாலில் பணம் கொடுத்தவர் 180 நாளுக்குள் தகராறு எழுப்பலாம். பண்டிகை நாளில் நூறு டாலர் அள்ளிக் கொடுத்துவிட்டு, பின்னர் ‘இது நான் செய்த பரிவர்த்தனை அல்ல’ என்று சொல்பவர்களை ஸ்ட்ரீமர்கள் அறிவார்கள். அப்போது நீங்கள் காட்ட வேண்டியது, அந்த நாளில் அந்தப் பெயரில் வந்த செய்தியும் தொகையும். டொனேஷன் வரலாறு கையில் இல்லாவிட்டால் வாதமே இல்லை. வருமான வரிக்கும் இதே பட்டியல்தான் ஆதாரம். வந்த பணம் வருமானம். சேனல் மூடியதால் கணக்குக் காட்டும் பொறுப்பு மூடிவிடாது.

ஆகவே வரலாற்றைக் கோப்பாக இறக்கிக்கொண்டு, பிறகு டிப் சேவையின் கணக்கை நீக்கலாம். பேபாலை மட்டும் கடைசி டொனேஷனிலிருந்து 180 நாள் வரை திறந்து வைத்திருக்க வேண்டும். இறக்கிய கோப்பைக் கவனமாக வைக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் இருப்பது உங்கள் தகவல் மட்டுமல்ல. உங்களை நம்பிக் கொடுத்தவர்களின் பெயர்களும், சில வேளை மின்னஞ்சல்களும், மனம் திறந்து எழுதிய வரிகளும் அதில் இருக்கின்றன. கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைத்து, தேவை முடிந்ததும் அழித்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பண விவரம் வெளியே போனால் எவ்வளவு மீளாதது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2021 அக்டோபர் 6 அன்று ட்விட்ச்சின் உள் கோப்புகள் சுமார் 125 ஜிபி அளவில் இணையத்தில் கொட்டப்பட்டன. சர்வர் அமைப்பில் நேர்ந்த பிழையால் கோப்புகள் வெளியாட்களுக்குக் கிடைத்துவிட்டதாக நிறுவனம் சொன்னது. அந்தக் குவியலில் 2019 முதல் ஸ்ட்ரீமர்களுக்கு ட்விட்ச் கொடுத்த தொகைகளின் பட்டியலும் இருந்தது. யார் எவ்வளவு வாங்கினார் என்று ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு கணக்கை நீக்கியவருக்கு அந்தப் பட்டியலிலிருந்து விலக வழி எதுவும் இல்லை.

ஒரு கணக்கின் கடைசி ஆறு வாரம்

இவ்வளவையும் ஒருவர் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். திருச்சியில் ஒரு பட்டதாரி. மூன்று ஆண்டு ட்விட்ச்சில் வேலரண்ட் விளையாடிக் காட்டியவர், அஃபிலியேட். பார்வையாளர்களில் பலர் கனடாவிலும் பிரான்சிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர்கள். 2021 ஏப்ரலில் பேபால் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றச் சேவையை நிறுத்திவிட்டதால், பேபாலில் அவருக்கு வந்த டொனேஷன் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. இப்போது வேலை கிடைத்திருக்கிறது. கணக்கை முற்றாக நீக்க விரும்புகிறார். இது நாம் கற்பனை செய்துகொள்ளும் ஆள்தான். நாட்களை மட்டும் சரியாகவே எண்ணுவோம்.

ஜனவரி 10 அன்று கடைசி ஸ்ட்ரீம். அன்றைக்கே கடைசி டொனேஷனும் வந்தது. அன்றிரவே அவர் செய்த முதல் வேலை, டொனேஷன் பக்கத்தை மூடியது. இனிப் புதிய பணம் வராது என்றால்தான் 180 நாளை எண்ணத் தொடங்க முடியும். அந்தக் கணக்கு ஜூலை 9-இல் முடிகிறது.

மறுநாள் ட்விட்ச்சிடம் தன் தரவின் நகலைக் கேட்டுக் கோரிக்கை அனுப்பினார். இது உடனே வராது. அதனால்தான் முதலிலேயே கேட்டார். வந்த பொதியில் chat_messages.csv என்ற கோப்பில் மூன்று ஆண்டாக எந்தெந்தச் சேனலில் என்ன பேசினார் என்பது வரிசையாக இருந்தது. அவர் எதிர்பாராத பயன் இதில் கிடைத்தது. தான் பேசிய சேனல்களின் பட்டியலே கையில் வந்துவிட்டது. எந்தெந்தச் சேனல்களின் சாட்டை வெளிச்சேவைகள் பதிவு செய்கின்றன என்று அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தார். இரண்டு சேவைகளில் தன் பெயர் இருந்தது. இரண்டிலும் குறியீடு வாங்கி, சாட்டில் இட்டு, மறுநாள் அதே பெயரைத் தேடிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று வந்த பிறகே பட்டியலில் டிக் போட்டார்.

ஜனவரியின் நடு வாரங்கள் கிளிப்புக்குப் போயின. சேனலில் 340 கிளிப்கள். அவற்றில் 12-ஐப் பதிவிறக்கிக்கொண்டு மொத்தத்தையும் அழித்தார். பிறர் சேனல்களில் தான் வெட்டியவை 26. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தார். யூடியூப்பில் ஒரு தொகுப்பு வீடியோவில் தன் முகம் வந்தது தெரிந்தது. அதை வெளியிட்டவருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பினார். அவர் எடுத்துவிட்டார். பதிப்புரிமைக் கோரிக்கை கொடுத்திருந்தால் அவருடைய உண்மைப் பெயர் போயிருக்கும். வேண்டுகோள் போதுமானதாக இருந்தது.

ட்விட்ச்சில் அவருக்குச் சேர்ந்திருந்தது 63 டாலர். 50-ஐத் தாண்டியதால் பிப்ரவரி நடுவில் பணம் வந்துசேர்ந்தது. அதற்குள் தான் பிறருக்குச் செலுத்திவந்த மாதச் சப்ஸ்கிரிப்ஷன்களை ரத்து செய்து, டொனேஷன் வரலாற்றைக் கோப்பாக இறக்கி, டிப் சேவையிலும் சாட் பாட் சேவையிலும் கணக்குகளை நீக்கியிருந்தார். ட்விட்ச் அமைப்புகளில் இணைப்புகள் என்ற பக்கத்தைத் திறந்தால், என்றோ ஒருநாள் அனுமதி கொடுத்து மறந்த ஏழெட்டுச் சேவைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, அங்கே ஏதாவது மிச்சமிருந்தால் அழித்துவிட்டு, பிறகு இணைப்பைத் துண்டித்தார்.

பிப்ரவரி 20 அன்று எல்லாக் கருவிகளிலும் வெளியேறினார். பிறகு ஒரே ஒரு உலாவியில் நுழைந்து, நீக்கும் பக்கத்தைத் திறந்து உறுதி செய்தார். 90 நாள் மே 21-இல் நிறைவு. அன்று வரை அவர் செய்ய வேண்டியது ஒன்றே: உள்ளே போகாமல் இருப்பது. நீங்கியதா என்று நுழைந்து சோதித்துப் பார்க்கும் ஆசைதான் இந்தக் கட்டத்தில் பலரையும் வீழ்த்துவது.

எது போகாது

இவ்வளவு செய்த பிறகும் சில தடங்கள் நிற்கும். அவற்றில் சில சட்டத்தின் பெயரால் நிற்பவை. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவர் பதிவை விலக்கிக்கொண்ட பிறகும் அவரது பதிவுத் தகவலை 180 நாள் வைத்திருக்குமாறு இடைநிலைத் தளங்களுக்குச் சொல்கின்றன. குற்ற விசாரணை வந்தால் ஆள் மறைந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். நம் பட்டதாரிக்கு பிப்ரவரி 20-இலிருந்து எண்ணினால் அது ஆகஸ்ட் 19 வரை போகும். பணம் சார்ந்த பதிவுகள் இதைவிட நீளமாக நிற்கும். வரிக்கும் தணிக்கைக்கும் கணக்கு வைத்திருக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை.

அழிக்கக் கேட்கும் உரிமையைச் சட்டம் எழுதும்போதே இந்த விலக்கையும் சேர்த்தே எழுதுகிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 17-ஆவது பிரிவு அழிப்பு உரிமையைத் தருகிறது. ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சிக்கலான கோரிக்கையானால் மேலும் இரண்டு மாதம். பாரிசிலிருந்து டொனேஷன் கொடுத்த பார்வையாளர் தன் விவரத்தை அழிக்கச் சொல்லி டிப் சேவையிடம் இதன்படி கேட்கலாம். ஆனால் சட்டக் கடமைக்காக வைத்திருக்க வேண்டிய பதிவுக்கு அது பொருந்தாது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவும் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை இதே வரம்போடு தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை தளம் தானாக வைத்திருக்கும் நீக்கும் வழியும் தனியுரிமைக் கோரிக்கையும்தான் நம் கையில் இருப்பவை.

எந்தச் சட்டமும் தொட முடியாத ஒன்றும் உண்டு. யாரோ ஒருவர் தன் கணினியில் இறக்கி வைத்திருக்கும் கிளிப், யாரோ ஓட்டிய நிரல் எழுதிவைத்த சாட். இவை இருக்கின்றனவா என்பதுகூட நமக்குத் தெரியவராது. நீக்கம் என்பது இவற்றைத் துடைப்பதல்ல. தேடுபவருக்கு எளிதாகக் கிடைக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பது. பழைய முதலாளியோ, வரன் பார்ப்பவரோ, பகை கொண்ட ஒருவரோ தேடும்போது முதலில் தட்டும் கதவுகளைச் சாத்துவது. அந்த அளவில் அது முழுமையாகச் செய்யக்கூடிய வேலைதான்.

செய்து முடித்ததை எப்படி அறிவது

மே 21 கழிந்து சில நாள் ஆனபின், நம் பட்டதாரி உலாவியில் ஒரு தனிப்பட்ட சாளரத்தைத் திறக்கிறார். எந்தக் கணக்கிலும் நுழையாமல், வெளியாள் ஒருவரின் கண்ணோடு நான்கு இடங்களைப் பார்க்கிறார். தன் பழைய சேனல் முகவரி. தான் அதிகம் கிளிப் வெட்டிய நண்பரின் கிளிப் பக்கம். சாட் பதிவுச் சேவையில் தன் பழைய பெயர். கடைசியாக, பழைய டொனேஷன் இணைப்பு.

சேனல் இல்லை. கிளிப் இல்லை. சாட் தேடலில் வெறும் பக்கம். டொனேஷன் இணைப்பில் இனிப் பணம் கேட்க யாரும் இல்லை. முதலில் கணக்கை நீக்கியிருந்தால் இந்த நான்கில் மூன்றைச் சரிசெய்ய அவர் கையில் எதுவும் இருந்திருக்காது. ஜூலை 9-க்குப் பிறகு பேபாலையும் மூடலாம். டொனேஷன் கோப்பு மட்டும் வரிக் கணக்கு முடியும் வரை பூட்டிய நிலையில் அவரிடம் இருக்கும். அதற்குப் பிறகு அதையும் அவரே தன் கையால் அழிப்பார்.